மின்பாதையின் நான்கு மாறிலிகள்: பெறு முனையினின்று அனுப்பு முனையைக் கணித்தறிதல்

1902ஆம் ஆண்டில், காவிரியாற்றின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் ஆக்கப்பட்ட மின்சாரம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோலார் தங்க வயல்களுக்குக் கம்பிகளின் வழியே அனுப்பப்பட்டது. சுரங்கங்களில் எந்திரங்கள் எவ்வளவு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதைத் தீர்மானித்தவர்கள் சுரங்கத்தார். அங்குப் போய்ச் சேரும் அழுத்தத்தைத் தம் கையில் வைத்திருந்தவர்களோ நீர்வீழ்ச்சியின் அருகிலிருந்த மின்னாக்க நிலையத்தார். நெடுந்தொலைவு மின்பாதை ஒவ்வொன்றிலும் இந்நிலையே இன்றும் உள்ளது. சுமை ஒரு முனையில் இருக்கிறது. அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல கருவி மறு முனையில் இருக்கிறது. பெறு முனையில் இன்ன அழுத்தமும் இன்ன சுமையும் இருத்தல் வேண்டுமெனில், அனுப்பு முனையில் எந்த அழுத்தத்தை நிலைநிறுத்த வேண்டும், அங்கிருந்து எவ்வளவு மின்னோட்டம் புறப்படும் என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடை காணும் வழிகளுள் துணை மின்நிலையப் பொறியாளருக்கும், தொழில்நுட்பப் பள்ளி ஆசிரியருக்கும் மிகவும் பயன்படுவது A, B, C, D என்னும் நான்கு மாறிலிகளைக் கொண்ட முறையாகும். மின்பாதையின் உள்ளே நிகழ்வன அனைத்தையும் இந்நான்கு எண்களுக்குள் அடக்கிவிட்டு, இரு முனைகளை மட்டும் இம்முறை நோக்குகின்றது. பெறு முனையின் கட்ட அழுத்தம் VR, அங்குள்ள மின்னோட்டம் IR, அனுப்பு முனையின் கட்ட அழுத்தம் VS, அங்குள்ள மின்னோட்டம் IS எனக் கொண்டால்,

VS = A VR + B IR
IS = C VR + D IR

என்னும் இரு சமன்பாடுகளே முழுக் கணக்கும் ஆகும். மின்பாதையில் தடையும், தூண்டமும், தேக்கமும் அழுத்தத்திற்கேற்ப மாறாமல் நிலையாக இருப்பதால்தான் சமன்பாடுகள் இவ்வளவு எளிய வடிவில் அமைகின்றன. அழுத்தத்தையும் ஓட்டத்தையும் இருமடங்காக்கினால் மறு முனையிலும் அவை இருமடங்காகும்.

நான்கு எண்களின் பொருள்

இவற்றை வெறும் குறியீடுகளாக மனப்பாடம் செய்யும் மாணவர் விரைவில் மறந்துவிடுவர். ஒவ்வொன்றையும் ஒரு சோதனையோடு இணைத்துக் காட்டினால் அவை மனத்தில் நிற்கும். முதலில், பெறு முனையைச் சுமையின்றித் திறந்து வைத்திருப்பதாகக் கொள்க. அப்போது IR சுழியாகும். முதற் சமன்பாட்டில் எஞ்சுவது VS = A VR என்பதே. ஆகவே A என்பது, சுமையற்ற நிலையில் அனுப்பு முனை அழுத்தத்திற்கும் பெறு முனை அழுத்தத்திற்கும் உள்ள விகிதம். அதற்கு அலகு இல்லை. அதே நிலையில் இரண்டாம் சமன்பாடு IS = C VR என்றாகும். சுமையே இல்லாதபோதும் மின்பாதைக்குள் புகும் ஓட்டத்தை C தெரிவிக்கின்றது. கம்பிகளுக்கும் நிலத்திற்கும் இடையிலும், கம்பிகளுக்கு இடையிலும் உள்ள மின்தேக்கத்தை நிரப்பச் செல்லும் மின்னூட்ட ஓட்டம் இதுவே. C-யின் அலகு சீமென்ஸ். முன்னாளில் இது மோ என்று வழங்கியது.

அடுத்து, பெறு முனைக் கம்பிகளைக் குறுக்கிணைத்துவிட்டதாகக் கொள்க. VR சுழியாகும். VS = B IR; ஆகவே B என்பது ஓட்டத்தைத் தடுத்து நிற்கும் மின்னெதிர்ப்பு; அதன் அலகு ஓம். IS = D IR; எனவே D இரு முனை ஓட்டங்களின் விகிதம்; A-யைப் போலவே அலகற்றது. எந்த முனையிலிருந்து பார்த்தாலும் ஒன்றுபோலத் தோன்றும் மின்பாதையில் A-யும் D-யும் சமமாகும். ஒரு முனையில் மின்மாற்றியையும் சேர்த்துக் கணக்கிட்டால் அச்சமத்துவம் நீங்கிவிடும். ஆனால் AD − BC = 1 என்னும் உறவு அப்போதும் நீங்குவதில்லை. கணக்கைச் சரிபார்க்க இவ்வுறவைப் போன்ற துணை வேறில்லை.

இவ்விடத்தில் ஆசிரியர்கள் சற்றே நின்று விளக்கத் தக்க செய்தி ஒன்று உண்டு. மேனிலை மின்பாதைகளில் A-யின் அளவு ஒன்றுக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். எனவே சுமையற்ற நிலையில் பெறு முனையின் அழுத்தம் அனுப்பு முனையைவிட மிகுதியாகும். கம்பியின் கடைசியில் அழுத்தம் குறையுமேயன்றிக் கூடாது என்று எண்ணும் மாணவருக்கு இது வியப்பளிக்கும். மின்தேக்கத்தை நிரப்பும் ஓட்டம் அழுத்தத்திற்கு 90 பாகை முந்துவது. அவ்வோட்டம் கம்பியின் தூண்டத்தைக் கடந்து செல்கையில், அங்கு உண்டாகும் அழுத்த வேறுபாடு பெறு முனை அழுத்தத்திற்கு நேர் எதிர்த் திசையில் அமைகின்றது. அதனால் அனுப்பு முனையில் குறைந்த அழுத்தமே போதுமானதாகிறது. லண்டன் நகருக்கு மின்சாரம் அளித்த தெப்ட்ஃபோர்டு நிலையத்தின் 10,000 வோல்ட் கேபிள்களை அமைத்த செபாஸ்டியன் ஃபெரான்டியின் பெயரால் இது ஃபெரான்டி விளைவு என வழங்குகிறது.

ஒரு மின்பாதையின் மாறிலிகள்

இனி ஒரு கணக்கைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து பார்க்கலாம். 220 கிலோவோல்ட் அழுத்தமும், 50 ஹெர்ட்ஸ் அலைவெண்ணும், 200 கிலோமீட்டர் நீளமும் உடைய மூன்று கட்ட மின்பாதை ஒன்றை எடுத்துக்கொள்க. நம் நாட்டில் 220 கிலோவோல்ட் மின்பாதைகளில் பெரிதும் பயன்படுவது ‘ஜீப்ரா’ என்னும் பெயர் பெற்ற கம்பி. எஃகு இழைகளை உள்ளீடாகவும், அலுமினிய இழைகளைச் சுற்றிலும் கொண்டது. அத்தகைய மின்பாதைக்குப் பொருந்துமாறு, ஒரு கட்டத்திற்கு ஒரு கிலோமீட்டருக்குத் தடை 0.075 ஓம், தூண்டலால் உண்டாகும் மின்மறுப்பு 0.40 ஓம், மின்தேக்கத்தால் உண்டாகும் குறுக்கு ஏற்பு ஒரு சீமென்சின் பத்து இலட்சத்தில் 2.9 பங்கு எனக் கொள்வோர் உண்மையினின்று வெகுதொலைவு விலகமாட்டார்.

200 கிலோமீட்டருக்கு இவற்றைப் பெருக்கினால்,

Z = 15 + j80 ஓம்
Y = j0.00058 சீமென்ஸ்

என்று கிடைக்கும். இங்கு j என்பது 90 பாகைத் திருப்பத்தைக் குறிக்கும் குறி மட்டுமே. இதனைக் கண்டு அஞ்சுவோர் உளர். ஆனால் j-யை j-யால் பெருக்கினால் −1 என்பதொன்றை நினைவில் வைத்தால், இக்கட்டுரையிலுள்ள கணக்கு முழுவதும் பள்ளிப் பெருக்கலே.

200 கிலோமீட்டர் நீளத்தில் மின்தேக்கத்தைப் புறக்கணிக்க இயலாது. ஏறக்குறைய 80 கிலோமீட்டருக்கு உட்பட்ட பாதைகளில் மட்டுமே அங்ஙனம் செய்தல் வழக்கம். அங்கு A-யும் D-யும் ஒன்று, C சுழி, B என்பது Z. ஏறக்குறைய 80-க்கும் 240-க்கும் இடைப்பட்ட நீளத்தில், மின்தேக்கம் முழுவதையும் இரு சம பாதிகளாக்கி, ஒவ்வொரு முனையிலும் ஒரு பாதியை வைத்துவிட்டு, இடையில் Z-ஐத் தொடராக அமைப்பர். கிரேக்க எழுத்தாகிய ‘பை’ போன்ற உருவம் உண்டாவதால் இது பை மாதிரி எனப்படும். அம்மாதிரிக்கு,

A = D = 1 + ZY/2
B = Z
C = Y(1 + ZY/4)

முதலில் ZY-யைக் காண்க. 15-ஐ j0.00058-ஆல் பெருக்கினால் j0.0087. j80-ஐ j0.00058-ஆல் பெருக்கினால் −0.0464. ஆகவே ZY = −0.0464 + j0.0087. இதிலிருந்து,

A = D = 0.9768 + j0.00435
B = 15 + j80 ஓம்
C = −0.00000126 + j0.000573 சீமென்ஸ்

A-யின் அளவு 0.9768, கோணம் கால் பாகை. B-யின் அளவு 81.4 ஓம், கோணம் 79.4 பாகை. இப்போதே AD − BC-யைக் கண்டு சரிபார்த்துக்கொள்ளுதல் நன்று. A-யின் வர்க்கம் 0.95412 + j0.0085 ஆகும். BC என்பது −0.04588 + j0.0085 ஆகும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் j உடைய பகுதிகள் நீங்கி, 0.95412 + 0.04588 = 1 என மிச்சமின்றி முடிகின்றது. C-யைக் காணும்போது ZY/4 என்பதற்குப் பதிலாக ZY/2 என்று எழுதிவிடுதல் வகுப்புகளில் அடிக்கடி நேரும் பிழை. அப்பிழை நேர்ந்திருப்பின் இவ்விடத்தில் ஒன்று வாராது.

அனுப்பு முனை அழுத்தம்

பெறு முனையில் 220 கிலோவோல்ட் அழுத்தம் நிலவ, 0.8 பின்தங்கு திறன் காரணியில் 100 மெகாவாட் சுமை எடுக்கப்படுகிறது என்க. சமன்பாடுகள் ஒரு கட்டத்திற்கு உரியவை. ஆகையால் 220-ஐ 3-இன் வர்க்க மூலத்தால் வகுத்து, VR = 127.02 கிலோவோல்ட் எனக் கொள்ள வேண்டும். 100 மெகாவாட்டை 0.8-ஆல் வகுத்தால் 125 மெகாவோல்ட்-ஆம்பியர். அதற்குரிய மின்னோட்டம் 328 ஆம்பியர். அழுத்தத்திற்குப் பின்தங்குவதால் அதன் j பகுதி எதிர்க்குறி பெறும். 0.8, 0.6 என்னும் விகிதங்களால் பிரித்தால்,

IR = 262.4 − j196.8 ஆம்பியர்

முதற் சமன்பாட்டின் இரு உறுப்புகளையும் தனித்தனியே காண்க.

A VR = 124.07 + j0.55 கிலோவோல்ட்
B IR = 19.68 + j18.04 கிலோவோல்ட்
VS = 143.75 + j18.59 கிலோவோல்ட்

B IR-இன் முதற் பகுதியாகிய 19.68 எங்கிருந்து வந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும். தடையாகிய 15 ஓம், ஓட்டத்தின் மெய்ப்பகுதியாகிய 262.4-ஐப் பெருக்கி 3.94 கிலோவோல்ட் தந்தது. மறுப்பாகிய 80 ஓம், பின்தங்கு பகுதியாகிய 196.8-ஐப் பெருக்கி 15.74 கிலோவோல்ட் தந்தது. அழுத்த வீழ்ச்சியில் ஐந்தில் நான்கு பங்கு, சுமைக்கு எந்த வேலையும் செய்து தராத பின்தங்கு ஓட்டத்தினால் விளைந்தது என்பது இதனால் புலனாகும்.

VS-இன் அளவு 144.95 கிலோவோல்ட், கோணம் 7.4 பாகை. 3-இன் வர்க்க மூலத்தால் பெருக்கினால், கம்பிகளுக்கிடையே 251 கிலோவோல்ட்.

கணக்கு முடிந்தது, ஆனால் விடையை ஏற்க இயலாது. 220 கிலோவோல்ட் அமைப்பில் கருவிகள் தாங்குமாறு வகுக்கப்பட்ட உச்ச அழுத்தம் 245 கிலோவோல்ட். அதனைக் கடந்து 251-ஐ அனுப்பு முனையில் நிலைநிறுத்துமாறு எந்தப் பொறுப்பாளரும் ஆணையிடார். இச்சுமையை இத்திறன் காரணியில் ஏற்றுக்கொண்டு, பெறு முனையில் 220-ஐயும் காத்தல் இம்மின்பாதையால் இயலாததாகும். விசையைப் போட்டு மீட்டரைப் பார்க்கும் முன்னரே இது தாளில் தெரிந்துவிடுகிறது.

அழுத்தம் கூடியிருப்பினும் அனுப்பு முனை ஓட்டம் எவ்வாறுள்ளது என்பதையும் காணலாம்.

C VR = −0.16 + j72.8 ஆம்பியர்
D IR = 257.2 − j191.1 ஆம்பியர்
IS = 257.0 − j118.3 ஆம்பியர்

இதன் அளவு 283 ஆம்பியர். அனுப்பு முனையில் 283 ஆம்பியர் புகுந்து, பெறு முனையில் 328 ஆம்பியர் வெளிவருகின்றது. நீர்க் குழாயோடு மின்கம்பியை ஒப்பிட்டுப் பழகியவருக்கு இது பொருந்தாததாகத் தோன்றும். சுமைக்கு வேண்டிய பின்தங்கு ஓட்டத்தில் ஏறக்குறைய 73 ஆம்பியர் அளவை மின்பாதையின் மின்தேக்கமே வழியில் ஈடுசெய்துவிடுகிறது. எஞ்சியதையே மின்னாக்க நிலையம் அனுப்ப வேண்டியுள்ளது என்பதே விளக்கம். இதனால், மின்பாதையின் பாதுகாப்புக்காக அனுப்பு முனையில் உள்ள அம்மீட்டரை மட்டும் நம்புவோர், மறு முனையில் கம்பி தாங்கும் ஓட்டத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிடுவர்.

அழுத்தத்தையும் ஓட்டத்தையும் கொண்டு அனுப்பு முனைத் திறனைக் கணக்கிட்டால் 104.2 மெகாவாட் வரும். 100 மெகாவாட் போய்ச் சேர்ந்தது, 4.2 மெகாவாட் கம்பிகளைச் சூடாக்குவதில் கழிந்தது. மூன்று கட்டங்களின் தடைக்கும் இரு முனை ஓட்டங்களின் சராசரியாகிய 305 ஆம்பியருக்கும் நேரடியாக இழப்பைக் கணக்கிட்டாலும், 3 × 305² × 15 என்பது 4.2 மெகாவாட்டையே தருகிறது.

நம்பத்தகுந்தது போன்ற தவறான விடை

மேற்கூறிய இழப்புச் சோதனை வீண் வேலையன்று. VR-க்குக் கட்ட அழுத்தமாகிய 127.02-ஐ எழுதாமல், பெயர்ப்பலகையில் உள்ள 220-ஐயே எழுதிவிட்டவர் கணக்கைத் தொடர்ந்தால், VS = 234.6 + j19.0 எனப் பெற்று, அதன் அளவை 235 கிலோவோல்ட் என்று முடிப்பார். விடை 220-ஐ விடச் சற்று மிகுதி. 245-க்கு உள்ளாகவும் அமைகின்றது. ஐயுறுவதற்கு வெளிப்படையான காரணம் ஒன்றுமில்லை. உண்மையில் தேவைப்படுவதோ 251. ஒரு கட்டத்தின் மின்னெதிர்ப்பில் உண்டான வீழ்ச்சியைக் கம்பிகளுக்கிடையே உள்ள அழுத்தத்தோடு கூட்டியதே தவறு. அவரே தம் எண்களைக்கொண்டு அனுப்பு முனைத் திறனைக் கண்டால் 102.2 மெகாவாட் வரும். அதாவது இழப்பு 2.2 மெகாவாட். ஆனால் அவர் பெற்ற ஓட்டங்களையும் தடையையும் கொண்டு நேரே கணக்கிட்ட இழப்பு 4 மெகாவாட்டை நெருங்கும். இரண்டும் ஒவ்வாமையே தவறு நேர்ந்ததற்குச் சான்று.

வேறு தவறுகள் இவ்வளவு மறைவானவையல்ல. பின்தங்கு ஓட்டத்திற்குக் குறியை மாற்றி +j196.8 என எழுதினால், அனுப்பு முனை அழுத்தம் 199 கிலோவோல்ட் என வரும். பின்தங்கு சுமையை முழுதும் தாங்கும் மின்பாதையில், பெறு முனையை விட அனுப்பு முனை தாழ்ந்திருத்தல் இயலாதாகையால் இது தானே வெளிப்பட்டுவிடும். கோணங்களை விட்டுவிட்டு அளவுகளை மட்டும் கூட்டுவோர் 261 கிலோவோல்ட் பெறுவர். இது எப்போதும் உண்மையைவிட மிகுதியாகவே இருக்கும்.

அழுத்த ஒழுங்கைக் கூறும்போதும் A-யை மறப்பவர் பலர். சுமை நீங்கினால் பெறு முனை அழுத்தம் எவ்வளவு உயரும் என்பதே அழுத்த ஒழுங்கு. சுமை நீங்கியபின் அங்கு நிலவுவது VS அன்று. VS-ஐ A-யால் வகுத்துக் கிடைப்பது. 251-ஐ 0.9768-ஆல் வகுத்தால் 257 கிலோவோல்ட். 220-ஐ ஒப்புநோக்க இது 16.8 விழுக்காடு உயர்வு. A-யால் வகுக்காமல் 251-க்கும் 220-க்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்தால் 14.1 விழுக்காடே கிடைக்கும். குறுகிய மின்பாதைகளில் இவ்வேறுபாடு தெரியாது. ஆதலால் அங்குப் பழகிய சூத்திரத்தை இங்கும் கொண்டுவந்துவிடுகின்றனர்.

மின்தேக்கித் தொகுதியும் இரவு நேரமும்

வீழ்ச்சியின் பெரும்பங்கு பின்தங்கு ஓட்டத்தால் வந்தது என்பது முன்பே தெரிந்தது. 100 மெகாவாட் சுமை 0.8 திறன் காரணியில் 75 மெகாவார் எதிர்வினைத் திறனை இழுக்கின்றது. பெறு முனைத் துணை மின்நிலையத்தில் 50 மெகாவார் மின்தேக்கித் தொகுதி ஒன்றை நிறுவினால், மின்பாதை கொண்டுவர வேண்டியது 25 மெகாவார் மட்டுமே. தொகுதி 220 கிலோவோல்ட் பக்கத்திலேயே இருப்பதாகக் கணக்கிற்குக் கொள்க. மெகாவாட் மாறவில்லையாதலால்,

IR = 262.4 − j65.6 ஆம்பியர்
B IR = 9.18 + j20.01 கிலோவோல்ட்
VS = 133.26 + j20.56 கிலோவோல்ட்

இதன் அளவு 134.8; கம்பிகளுக்கிடையே 233.5 கிலோவோல்ட். உச்ச வரம்பிற்கு நன்கு உட்பட்டது. அனுப்பு முனை ஓட்டம் 257 ஆம்பியராகக் குறைகிறது. இழப்பும் 4.2-இலிருந்து 3.1 மெகாவாட்டாகக் குறைகிறது. அதே நான்கு மாறிலிகள். மாறியது IR ஒன்றே.

பகற்பொழுதின் இக்கணக்கோடு நின்றுவிட்டால், கணக்கில் பாதியே முடிந்ததாகும். இரவில் சுமை பெரிதும் குறைந்துவிடலாம். பெறு முனையில் ஒரு விசை விழுந்து சுமை ஒரு நொடியில் அறவே நீங்கவும் கூடும். அனுப்பு முனையில் 233.5 கிலோவோல்ட் அப்படியே இருக்க, சுமை நீங்கி, மின்தேக்கித் தொகுதியும் விலக்கப்பட்டால், பெறு முனை அழுத்தம் 233.5-ஐ 0.9768-ஆல் வகுத்த அளவு, அதாவது 239 கிலோவோல்ட், இதனைப் பொறுத்துக்கொள்ளலாம். தொகுதி மட்டும் விலக்கப்படாமல் தங்கிவிட்டால் நிலைமை வேறு.

அப்போது மின்தேக்கித் தொகுதியே ஒரே சுமையாக நிற்கும். 220 கிலோவோல்ட்டில் 50 மெகாவார் தரும் தொகுதியின் ஏற்பு, 50-ஐ 220-இன் வர்க்கத்தால் வகுக்க வரும் j0.00103 சீமென்ஸ். அதன் ஓட்டம் இவ்வெண்ணை VR-ஆல் பெருக்கியது. இதனை முதற் சமன்பாட்டில் IR-க்குப் பதிலாக இட்டால், VS = (A + B × j0.00103) VR என்றாகும். B-யை j0.00103-ஆல் பெருக்கினால் −0.083 + j0.015. A-யோடு கூட்டினால் அடைப்புக்குள் இருப்பதன் அளவு 0.894. ஆகவே பெறு முனை அழுத்தம் 233.5-ஐ 0.894-ஆல் வகுத்தது, 261 கிலோவோல்ட்.

பகலில் அனுப்பு முனையை 251-இலிருந்து காப்பாற்றிய அதே தொகுதி, இரவில் பெறு முனையை 261-க்கு ஏற்றிவிடுகிறது. மின்மாற்றியின் இரும்புள்ளகம் தெவிட்டு நிலைக்குத் தள்ளப்படுதலும், இடி தாங்கிகள் தாங்கற்கரிய அழுத்தத்தில் நிற்றலும் இத்தகைய உயர்வின் விளைவுகள். அனுப்பு முனை அழுத்தம் மாறாதிருக்கும் என்று இங்குக் கொள்ளப்பட்டது. உண்மையில் சுமை நீங்கியதும் அதுவும் சற்று உயர முற்படும். எனவே 261 என்பது மிகைப்படுத்திய எண் அன்று. சுமை விலகும்போதே மின்தேக்கித் தொகுதியும் விலகுமாறு அழுத்த ரிலேயை அமைப்பதும், ஒரே தொகுதியாக அன்றிச் சிறு சிறு பகுதிகளாக நிறுவி வேண்டியவற்றை மட்டும் இணைப்பதும் இக்காரணம் பற்றியே. ரிலே செயற்படும் அழுத்தத்தைத் தீர்மானிக்கும் பொறியாளர், சுமையுள்ள நிலை, சுமையற்ற நிலை, தொகுதி மட்டும் தங்கிய நிலை ஆகிய மூன்றிற்கும் இந்நான்கு மாறிலிகளைக் கொண்டே கணக்கிடுகின்றார்.

மாதிரியின் எல்லை

மின்தேக்கத்தை இரு முனைகளில் குவித்து வைப்பது உண்மையன்று. அது கம்பியின் ஒவ்வொரு முழத்திலும் பரவிக் கிடக்கின்றது. பரவிய நிலையை அப்படியே கொண்டு கணக்கிட்டால், A-யில் ZY/2-ஐ அடுத்து (ZY)²/24 என்னும் உறுப்பும், B-யில் Z-ஐ அடுத்து ZY/6 பங்கு திருத்தமும் தொடரும். மேற்கண்ட 200 கிலோமீட்டர் மின்பாதையில் A மாறுவது பத்தாயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. B-யின் அளவு ஏறக்குறைய 0.8 விழுக்காடு தாழ்ந்து 80.8 ஓம் ஆகும். 251 கிலோவோல்ட் என்ற விடையில் இதனால் வரும் மாற்றம் அரைக் கிலோவோல்ட்டிற்கும் உட்பட்டது. நிலையங்களில் உள்ள அழுத்தமானிகளின் பிழையோடு ஒப்பிட்டால் இதனைத் தேடித் திருத்துவது தேவையற்ற உழைப்பு.

நீளம் கூடக் கூட இத்திருத்தம் நீளத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகும். இதே கம்பியில் 500 கிலோமீட்டர் மின்பாதை ஒன்று இருந்தால், ZY ஆறேகால் மடங்காகி, B-யில் பிழை ஏறக்குறைய 5 விழுக்காட்டை எட்டும். A-யோ ஏறக்குறைய 0.86-க்கு இறங்கும், அதாவது சுமையற்ற பெறு முனையில் அழுத்தம் ஆறில் ஒரு பங்கு தானே உயர்ந்துவிடும். அத்தகைய நீளங்களில் முழுச் சூத்திரத்தைக் கொண்டு மாறிலிகளைக் காண்பதோடு, மின்பாதையின் முனைகளில் குறுக்குத் தூண்டிகளையும் நிறுவி, மின்தேக்கத்தின் ஒரு பகுதியை ஈடுசெய்ய வேண்டியுள்ளது. மாறிலிகளைக் காணும் வழி மாறினும், அவற்றைப் பயன்படுத்தும் இரு சமன்பாடுகளும் மேற்கூறியவாறே நிற்கின்றன.